மஞ்சள் முனை

எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிற புத்தி எனக்கு. காய்கறிக்காரர் பையில் போடும் தக்காளியைத் திருப்பிப் பார்ப்பேன், மருந்துச் சீட்டை இரண்டு கடையில் காட்டுவேன். "உனக்கு யார் மேலதான் நம்பிக்கை?" என்று வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். அதனால் அந்த வனப் பலகையின் போட்டோ எங்கள் மலையேற்ற வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தபோது, நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நான் பிறந்தது வளர்ந்தது மராத்தி மண்ணில், சாங்வியில். அப்பாவுக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. பள்ளியில் மராத்தி படித்ததால் அது எனக்குத் தமிழைவிடச் சரளம். குழுவில் மற்றவர்கள் எல்லாம் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து எங்கள் ஊரின் விமான் நகரில் குடியேறிய ஐடி பிள்ளைகள். பால்காரரிடம் பேசும் அளவுக்கு இந்தி வரும், மராத்தி எழுத்து ஓடாது. ஆகவே ஒவ்வொரு முறையும் வழியில் இருக்கிற பலகைகளைப் படித்துச் சொல்வது என் வேலை.

அந்த முறை குழுத் தலைவர் ஒரு வாரம் முன்பே தனியாகப் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கோவைக்காரர், நாற்பதை ஒட்டிய வயது, நல்ல சுறுசுறுப்பு. நுழைவாயிலில் இருந்த விதிப் பலகையை அவர்தான் படம் பிடித்து அனுப்பினார். "அக்கா, வண்டியில வர்றப்ப எல்லாருக்கும் கொஞ்சம் எக்ஸ்ப்ளெயின் பண்ணிருங்க" என்று கீழே ஒரு வரி.

ஞாயிறு விடியற்காலையில் டெம்போ டிராவலர் கிளம்பியது. என் பக்கத்து இருக்கையில் சென்னைப் பெண் ஒருத்தி, எங்கள் குழுவிலேயே இளையவள். ஏறி உட்கார்ந்ததும் கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, எனக்கு தேனீ கொட்டினா ஆகாது. சின்ன வயசுல ஒண்ணு கொட்டி மூச்சே நின்னுபோய் ஐசியூல இருந்தேன். மறுபடி கொட்டினா அதைவிட மோசமா ஆகலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். நம்ம தலைவர் அண்ணன்கிட்ட போன் பண்ணி, அங்க தேனீக்கூடு இருக்கான்னு கேட்டேன். ஒண்ணும் கிடையாது, தைரியமா வான்னார்."

"போர்டுல பாத்துச் சொல்றேன், இரு" என்றேன்.

வண்டி நெடுஞ்சாலைக்கு ஏறியதும் நான் நடுவில் நின்று, இருக்கையைப் பிடித்துக்கொண்டு, என் போனை எல்லோரிடமும் காட்டினேன். குறிகளைப் படிக்க மராத்தி தேவையில்லை என்று முதலில் சொன்னேன். சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு போட்டிருந்தால் செய்யாதே. நீல வட்டம் என்றால் கட்டாயம் செய். மஞ்சள் முக்கோணம் என்றால் இங்கே ஆபத்து இருக்கிறது, பார்த்து நட. இந்த மூன்றும் தெரிந்தால் உலகத்தில் எந்தக் காட்டுக்கும் போகலாம்.

சிவப்பு வரிசை சுலபமாக ஓடியது. பிளாஸ்டிக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, குரங்குக்குத் தீனி கூடாது, தீ கூடாது. "தீன்னா கேம்ப் ஃபயர்தானே அக்கா?" என்று ஒருவர் கேட்டார். "சமையல், பீடி, சிகரெட் எல்லாமே" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நீல வட்டத்தில் ஒரு ஷூ, குறித்த பாதையை விட்டு விலகாதே என்பதற்கு இரண்டு காலடி. அதற்குக் கீழே மஞ்சள் வரிசை. முதல் முக்கோணத்தில் சிறுத்தை. அதைக் கண்டதும் பின் இருக்கையில் ஒரே கூச்சல், யாரை முதலில் அனுப்பலாம் என்று கேலி. இரண்டாவதில் விளிம்பிலிருந்து சறுக்கி விழும் மனிதன். மூன்றாவது இல்லை.

மூன்றாவது இல்லை என்றா சொன்னேன்? படத்தின் வலது ஓரத்தில், நகக்கண் அளவுக்கு, ஒரு மஞ்சள் முனை நின்றது. அதற்குக் கீழே இருந்த மராத்தி வரியும் பாதியில் அறுந்து போயிருந்தது. பலகையின் இடது கால் படத்தில் இருந்தது, வலது கால் இல்லை.

"இது என்ன, ஓரத்துல வெட்டியிருக்கு?" என்று முன்னால் உட்கார்ந்திருந்த தலைவரைக் கேட்டேன்.

"அதுங்களா, பாறை உருண்டு விழற எச்சரிக்கைங்க்கா. செடி மறைச்சுட்டு இருந்துச்சு, முழுசா எடுக்க முடியலைங்க."

செடி மறைத்திருந்தால் படத்தில் செடி இருக்க வேண்டும். ஒரு இலைகூட இல்லை. அதைக் கேட்க வாயெடுத்தேன். ஆனால் வண்டி நிறைய ஆட்கள், சிரிப்பு, ஒருவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். மஞ்சள் என்றாலே ஆபத்து, அது என்ன ஆபத்து என்று இறங்கியதும் முதலில் பார்த்துவிட வேண்டும் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

இறங்கியதும் நேரே பலகைக்குத்தான் போனேன். பார்த்தால், அதன் வலது பாதியின் மேல் ஒரு பெரிய பிறந்தநாள் ஃபிளெக்ஸ். தங்கச் சங்கிலியும் கறுப்புக் கண்ணாடியுமாக உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் கைகூப்பிச் சிரித்தார், அவரைச் சுற்றி அஞ்சல்தலை அளவில் இருபது வாழ்த்தும் முகங்கள். மஞ்சள் முனை மட்டும் அவர் தோளுக்குப் பக்கத்தில் தெரிந்தது. கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

அடடா, இதற்காகத்தான் வெட்டியிருக்கிறார், வீணாக அந்த மனிதரைச் சந்தேகப்பட்டேனே என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி முளைத்தது. செடி என்று சொன்னாரே? மறைந்திருக்கிற குறி பாறை விழுவதுதான் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

ஃபிளெக்ஸின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். "ஐயோ அக்கா, விடுங்க" என்று தலைவர் ஓடி வந்தார். "லோக்கல் பெரிய மனுசன் பேனருங்க. கிழிஞ்சா நம்ம வண்டியத் திரும்பப் போக விடமாட்டாங்க." நுழைவாயில் அறையில் வனக்காவலர் இல்லை, ரோந்து போயிருந்தார். கேட்க ஆள் இல்லை. அதற்குள் பாதிப் பேர் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"பாறை விழுறதாம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "நீ என்கூடவே நட."

ஏறும் வழியெல்லாம் தலைவரின் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். அவர் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார், ஒருவரின் பையை வாங்கிச் சுமந்தார். நல்ல மனிதர்தான். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு வளைவில், "எங்கேயும் பாறை உருண்ட அடையாளத்தையே காணோமே" என்றேன். "மழைக் காலத்துலதானுங்க விழும்" என்றார், திரும்பாமலே.

மேலே, குடைபோல் கவிந்த பெரிய பாறை முகப்பு. அதன் அடியில் செந்தூரம் பூசிய ஒரு கல். எங்கள் குழுவின் வழக்கம் ஒன்று உண்டு: போகிற மலையில் எந்தச் சாமி இருந்தாலும் தலைவர் ஒரு கட்டி சூடம் ஏற்றுவார், எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அது இல்லாமல் எங்களுக்கு மலையேற்றம் நிறைவதில்லை. தீ கூடாது என்று வண்டியில் விளக்கிய நானும் சரி, தலையாட்டிய அவர்களும் சரி, சூடத்தைத் தீக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சாமிக்கு ஏற்றுவது எப்படித் தீயாகும்?

சூடம் கொழுந்துவிட்டு எரிந்தது. கறுப்புப் புகை இழையாக எழுந்து மேலே போனது. கும்பிட்ட கையோடு நான் அந்தப் புகையின் பின்னாலேயே அண்ணாந்து பார்த்தேன்.

பாறையின் உட்புறத்தில் நனைந்த சாக்குகளைத் தொங்கவிட்டதுபோல் கறுப்பாக ஏழெட்டு. அதில் ஒன்றின் மேல் ஓர் அலை ஓடியது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சரசரவென்று பளபளத்து அடங்கியது. பிறகு பக்கத்தில் இருந்ததிலும் ஓடியது. மலைத்தேனீ. கூடு முழுக்கத் தேனீக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு, பின்புறத்தைத் தூக்கிக் காட்டி எச்சரிக்கை செய்கின்றன.

என் டிபன் டப்பாவின் மூடியைச் சூடத்தின் மேல் கவிழ்த்தேன்.

"என்னக்கா, சாமி தீபத்தைப் போய்..." என்று ஒருவர் ஆரம்பித்தார். வாயில் விரல் வைத்து, அதே விரலால் மேலே காட்டினேன். அத்தனை பேரும் கல்லாகிவிட்டார்கள். என் விண்ட்சீட்டரைக் கழற்றி அந்தப் பெண்ணின் தலையோடு சேர்த்துப் போர்த்தினேன். 

"ஓடாதீங்க, கையை வீசாதீங்க, பேசாம கீழ இறங்குங்க" என்று மூச்சுக்காற்றில் சொன்னேன்.

தலைவர் என் காதருகே வந்தார். அவரும் கிசுகிசுத்தார். "பயப்படாதீங்க்கா, ஒண்ணும் ஆகாதுங்க. போன வாரம் இதே எடத்துலதான் சூடம் ஏத்துனேன். அப்பவும் அதுங்க சும்மாதானுங்க இருந்துச்சு."

விண்ட்சீட்டருக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் முகம் வெளியே வந்தது.

"அப்போ போன வாரமே பாத்தீங்களாண்ணா?"

அவர் சூடப் பொட்டலத்தைப் பையில் திணித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மலையே அதிரக் கத்தியிருப்பேன். தலைக்கு மேல் அவை தொங்கிக்கொண்டிருந்ததால் வாயை இறுக மூடிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து ஓரடி ஓரடியாக இறங்கினேன். முகப்பைத் தாண்டி மரங்களுக்குள் வந்த பிறகும் அந்தக் கையை நான் விடவில்லை. 

நுழைவாயிலுக்கு வந்தபோது வனக்காவலர் திரும்பியிருந்தார். தலைவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"கூட்டைப் பாத்தது நிஜம்தானுங்க. அதுபாட்டுக்கு ஒசரத்துல இருக்குதேன்னு விட்டுட்டேன். ஆனா போர்டுல போட்டிருக்கறது சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. இந்த ஃபிளெக்ஸ் மறைச்சிருந்துச்சு. நீங்களே பாத்தீங்கல்ல?"

நான் காவலரிடம் மராத்தியில் கேட்டேன், இந்த பேனர் எப்போதிலிருந்து இங்கே இருக்கிறது என்று.

"முந்தாநாள் ராத்திரி கட்டிட்டுப் போனாங்க" என்றார் அவர். "நான் அவுத்தா என் வேலை போயிடும். நீங்க அவுத்தா நான் பாக்கலை." முதுகைக் காட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

முந்தாநாள் என்பதைத் தமிழில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போன வாரம் பலகை முழுசாகத்தான் நின்றிருக்கிறது. தலைவர் ஷூ லேஸைக் குனிந்து கட்டினார், கட்டியிருந்ததையே அவிழ்த்துக் கட்டினார்.

"சொன்னா நீ வரமாட்ட. நீ வரலைன்னா உன் ஃபிரெண்ட்ஸும் வரமாட்டாங்க, டிரிப்பே கேன்சல் ஆயிரும்னு..." என்றார் தரையைப் பார்த்து.

"நான் உங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதாண்ணா கேட்டேன்" என்றாள் அவள். உரக்கக் கத்தலாம், இங்கே தடையில்லை. ஆனாலும் மெதுவாகத்தான் சொன்னாள்.

நானும் அவளும் கம்பியை முறுக்கி அவிழ்த்தோம். பிரமுகர் சரிந்து கீழே விழுந்தார். மஞ்சள் முக்கோணத்துக்குள் ஒரு தேனீ, பக்கத்தில் சிவப்பு வட்டத்தில் ஒரு சென்ட் பாட்டில். கீழே இருந்த வரியை அவளுக்குப் படித்தேன்: பாறை முகப்பின் கீழ் நிற்காதீர்கள், புகை, வாசனை, சத்தம் மூன்றும் தேனீக்களைக் கிளப்பும்.

பலகையின் இரண்டு கால்களும் தெரியும்படி அவள் பின்னால் நகர்ந்து நின்று ஒரு படம் எடுத்தாள். குழுவில், தலைவர் போட்டிருந்த படத்துக்குப் பதிலாக அதை அனுப்பினாள். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எங்கள் எல்லோருடைய பைகளிலும் போன் ஒரே நேரத்தில் அதிர்ந்தது, தலைவருடையதிலும். அவர் மட்டும் எடுத்துப் பார்க்கவில்லை.