முதுகு காட்டிய ஓநாய்

என் மனைவி உமாராணி தென்காசியில் வீட்டிலிருந்தபடியே ஆங்கிலக் கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறாள். கோபம் வந்தால் நிறுத்தாமல் பேசுகிறவளுக்கு, கார்ட்டூன் வாயை மூடுவதற்குள் வசனத்தை முடிக்கிற வேலை!

போன வாரம் ஒரு ஓநாய், கடற்கரையில் உடம்பெல்லாம் வெயில் கிரீம் பூசி வழுக்கி விழுந்தது. "வழுக்குதே!" என்றால் வாயசைவுக்குக் கச்சிதம். ஆனால் அது எதற்குக் கிரீம் பூசியது என்று நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் புரியாது. விளக்கினாலோ, ஓநாய் வாயை மூடிய பிறகும் பேச்சு ஓடும்.

அலுத்துப்போய்க் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். நான் துண்டை மறந்துவிட்டேன். ஐந்தருவியிலிருந்து முன்னால் நடந்தபடி, திரும்பிப் பார்க்காமலே திட்டிக்கொண்டு வந்தவள் சட்டென்று நின்றாள்.

"இவ்வளவு நேரம் என் வாய் தெரிஞ்சுதா?"

"இல்ல. ஆனா ஒண்ணுவிடாம கேட்டுச்சு."

மறுநாள் ஓநாய், "வழுக்குதே!" என்று கத்தி எழுந்தது. பிறகு வாய் தெரியாமல் முதுகைக் காட்டி நடக்கிற இடத்தில், "வெயில்ல கறுத்துரக் கூடாதுன்னு கிரீம் பூசினேன், இப்ப நிக்கவே முடியலியே!" என்று புலம்பியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இப்போதெல்லாம் சண்டை வந்தால் நான் கெஞ்சுவது இதைத்தான்: "ஏட்டி, முகத்தக் காட்டித் திட்டு. எங்கயாவது வாய் மூடும்லா!"