நாக்குக்கு அடியில் ஒரு சொட்டு

வருடா வருடம் கம்பெனி மெடிக்கலுக்கு முந்தைய இரண்டு நாளும் சின்னராசு உப்பில்லாமல் சாப்பிடுவார். குழம்பு வேண்டாம், ஊறுகாய் வேண்டாம், அப்பளத்தைத் தொடவே மாட்டார். வெறும் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டு, தட்டைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தபடி விழுங்குவார். செல்வி பரிமாறும்போதே கேட்டுவிடுவாள்.

"இன்னாயா, மெடிக்கல் வந்துடுச்சா?"

"வயிறு சரியில்ல."

"உன் வயிறு கரெக்டா தை மாசத்துலதான் கெட்டுப்போவுது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் அவருடையது. வண்டி ஒப்பந்தக்காரருக்குச் சொந்தம் என்றாலும், ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "சின்னராசு வண்டி வந்துடுச்சா" என்றுதான் கேட்பார்கள். அவருடைய அப்பா பிறர் நிலத்தில் நாற்று நட்டவர். ஐம்பது பேரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மேம்பாலத்தில் ஏறும்போது, கண்ணாடியில் அத்தனை முகங்களும் தெரியும். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தன்னை நம்பித் தூங்குகிறார்கள் என்பது அவருக்கு ஒவ்வொரு காலையும் புதிதாகப் பிடிக்கும்.

மெடிக்கலில் பிரஷர் அதிகம் என்று எழுதிவிட்டால் அந்த இருக்கை போய்விடும். அவருக்குப் பிரஷர் உண்டு என்பது அவருக்குத் தெரியும். ஒரு முறை மாத்திரை வாங்கினார், தலை லேசானது, நிறுத்திவிட்டார். அதன் பிறகு உப்பை நிறுத்துவதும், டாக்டர் அறைக்கு வெளியே கண்ணை மூடி உட்காருவதும், கூடவே டிரைவர்கள் மட்டும் அறிந்த ஒரு வித்தையும் அவரைக் காப்பாற்றி வந்தன. சின்ன ஜெல் மாத்திரை ஒன்றை ஊக்கால் குத்தி, உள்ளே இருப்பதை நாக்குக்கு அடியில் பிழிந்துகொண்டால் பிரஷர் மளமளவென்று இறங்கும். மெடிக்கல் பேப்பரில் சீல் விழும். வண்டிச் சாவி கையில் இருக்கும்.

இந்தத் தை மாதம் அந்த வித்தைக்கு நேரம் கிடைக்கவில்லை. காலையிலிருந்தே தலை இடித்தது. டாக்டர் அறைக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகள் தண்ணீருக்குள் இருப்பது போல ஆடின. பிரஷர் பார்த்த பெண் ஒரு முறை பார்த்தாள், கையை மாற்றிப் பார்த்தாள், எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். இருநூற்று முப்பதுக்கு நூற்று முப்பது. அரை மணி நேரத்தில் அவர் ஆம்புலன்சில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு வண்டியின் பின்னால் படுத்துப் போவது அவருக்கு அதுதான் முதல் முறை. டிரைவர் பிரேக் போடும் விதம் சரியில்லை என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்ரி அவர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். உள்ளே ரத்தக் கசிவு தெரிந்தது. ஈசிஜி எடுத்தார்கள், சிறுநீரும் ரத்தமும் பரிசோதனைக்குப் போயின. கையில் ஊசி குத்தி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பம்ப் ஒன்றை மாட்டினார்கள். பிரஷர் பட்டை தானாக உப்பி உப்பி அடங்கியது. அதன் எண்களைப் பிரின்சி என்ற நர்ஸ் வந்து வந்து பார்த்தாள், பம்பை லேசாகத் திருகினாள், போனாள்.

மதியத்துக்குள் இருநூற்று முப்பது நூற்றுத் தொண்ணூறு ஆனது. அதன் பிறகு அங்கேயே நின்றது.

"இன்னாம்மா, அவ்ளோதானா? எங்க ஊரு மெடிக்கல் ஷாப்புல ஒரு மாத்திரைல எறக்கிடுவாங்க. இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரி, ஒரு பிரஷர எறக்கத் தெரியல."

"தெரியும்ணா. எறக்கலாம். எறக்கக் கூடாது" என்றாள் பிரின்சி. "இன்னிக்கு இந்த அளவு போதும். மிச்சம் சாயங்காலம் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம்."

"சம்பளம் மாதிரி சொல்றியே."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். பிரின்சியும் சிரித்தாள். ஆனால் சின்னராசு சிரிக்கவில்லை. கண் இன்னும் தெளியவில்லை, தலைவலி மட்டும் குறைந்திருந்தது. அவர் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: நூற்று நாற்பது ஆனால் விடுவார்கள். விட்டால் நாளைக்கே கம்பெனி டாக்டரைப் பார்த்துவிடலாம். பார்க்காவிட்டால் மாற்று டிரைவர் ஏறுவான், ஏறினவன் இறங்க மாட்டான்.

செல்வி டீ வாங்கி வரக் கீழே போன நேரத்தில் எபினேசர் வந்தான். இன்னொரு கம்பெனி பஸ்ஸின் டிரைவர், இவரைவிடப் பத்து வயது சின்னவன், இவரிடம் தொழில் பழகியவன்.

"ணா, சூப்பர்வைசர் உன் வண்டிக்கு ஆளு பாத்துக்கினு கீறான்."

"தெரியும்டா."

எபினேசர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். உள்ளே இரண்டு ஜெல் மாத்திரைகளும் ஓர் ஊக்கும் இருந்தன.

"இவங்க பத்து நாளு வச்சி பேஜாரு பண்ணுவாங்க. நம்ம மருந்து அஞ்சு நிமிஷம். நர்சம்மா அந்தாண்ட போனதும் போட்டுக்க."

பிரின்சி கடைசிக் கட்டிலுக்கு ஊசி போடப் போனாள். எபினேசர் முதுகைக் காட்டி மறைத்து நின்றான். சின்னராசு ஒன்றைக் குத்தி நாக்குக்கு அடியில் பிழிந்தார். அது போதாது என்று இரண்டாவதையும் பிழிந்தார். பழகிய கசப்பு. மனதுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

செல்வி டீயோடு வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. டம்ளரை நீட்டினாள். வாங்கினார். டம்ளர் வலது கையிலிருந்து நழுவிப் போர்வையில் கொட்டியது.

"இன்னாயா, கையில பலம் இல்லியா?"

அவள் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். "செ..." என்று வந்தது. மறுபடி, "செ..." பெயர் மண்டைக்குள் இருந்தது, வாய்க்கு வரவில்லை. விளையாடுகிறார் என்று நினைத்து அவள் சிரிக்கப் போனாள். அதற்குள் உதட்டின் வலது ஓரம் இறங்கியதைப் பார்த்துவிட்டாள்.

"சிஸ்டர்!"

பட்டை உப்பி அடங்கியது. நூற்றுப் பத்துக்கு அறுபது. பிரின்சி ஓடி வந்து முதலில் பம்பை நிறுத்தினாள். கட்டிலின் தலைப்பக்கத்தைச் சமமாக்கி, காலுக்கு அடியில் தலையணைகளை அடுக்கினாள். குரல் கொடுத்ததும் டாக்டர் காயத்ரி வந்தார்.

"இந்த டோசுக்கு இவ்வளவு எறங்காது. என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றான் எபினேசர். அவன் வலது கை மட்டும் மூடியே இருந்தது.

செல்வி அந்தக் கையைப் பார்த்தாள். "எபி. கைய தொற."

"அண்ணி..."

"தொறடா, அவுருக்கு என் பேரு வரல!"

திறந்தான். நசுங்கிய இரண்டு ஜெல் உறைகள். டாக்டர் திட்டவில்லை. அதற்கு நேரமில்லை. "சலைன் வேகமா விடுங்க, பிரஷர் மேல வரணும், ஸ்கேனுக்குச் சொல்லுங்க" என்றார்.

செல்விக்குப் புரியவில்லை. "காலைல எறக்கணும்னீங்க, இப்ப ஏத்தணும்ங்கிறீங்க?"

"ஆமாம்மா. இப்போ ஏத்தணும்."

கட்டிலில் கிடந்த சின்னராசுவுக்கு எல்லாம் கேட்டது. எதற்கும் பதில் சொல்ல முடியவில்லை. இருக்கை, சாவி, சூப்பர்வைசர் எல்லாம் எங்கோ போயின. மூன்று எழுத்துப் பெயர் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக் கசிவு இல்லை. பிரஷர் நூற்று எழுபதைத் தொட்டபோது விரல்கள் மடங்கின. இன்னும் கொஞ்ச நேரத்தில், "செல்வி" என்றார். அவள் டீ கொட்டிய போர்வையை மாற்ற ஆரம்பித்தாள். "செல்வி, செல்வி" என்று சும்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் டாக்டர் கட்டில் ஓரத்தில் நின்று விளக்கினார். எபினேசரும் இருந்தான். டாக்டர்தான் அவனைப் போகவிடாமல் நிறுத்தியிருந்தார்.

"உங்க வீட்டு மாடியில டேங்க் இருக்கா?"

"பக்கத்து ஊட்ல கீது."

"மோட்டார் பல வருஷமா ரொம்ப வேகத்துல தள்ளுதுன்னு வைங்க. அந்த வேகம் தாங்கணும்னு குழாய் தன்னைத் தானே இறுக்கிக்கும், சுவரு தடிக்கும். உங்க மூளைக்குப் போற ரத்தக் குழாய் அப்படித்தான் பழகியிருக்கு. அந்த இறுகின குழாய்ல திடீர்னு மோட்டார் வேகத்தக் கொறைச்சா?"

"மேல தண்ணி ஏறாது."

"அதான் நேத்து நடந்தது. மத்தவங்களுக்கு நூத்திப் பத்து நல்ல பிரஷர். உங்க மூளைக்கு அது பட்டினி. இதயத்துக்கும் கிட்னிக்கும் அதே கதைதான். அதனாலதான் முதல்ல கொஞ்சம் எறக்கிட்டு நிறுத்துறோம். குழாய் மெல்ல மெல்லப் பழகணும். நேத்து உங்களுக்குத் திரும்பி வந்துடுச்சு. எல்லாருக்கும் வராது. சிலருக்குப் பேச்சு போனது போனதுதான்."

எபினேசர் தரையைப் பார்த்தான். "ஸாரி மேடம். எனக்கு இதச் சொல்லிக் குடுத்ததே..."

அவன் முடிக்கவில்லை. சின்னராசுதான் முடித்தார். "நான்தான் மேடம். இவனுக்கும், வீரராகவன்னு இன்னொருத்தனுக்கும்."

"இவரு கேட்டுட்டாரு. அந்த இன்னொருத்தருக்கும் இதை நீங்கதான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

பிரஷர் அடுத்தடுத்த நாட்களில் படிப்படியாக இறங்கியது. மாத்திரைக்கு மாற்றினார்கள். புறப்படும்போது பிரின்சியிடம் போய் நின்றார்.

"எறக்கத் தெரியலன்னு சொன்னேன்ல..."

"ஏத்தவும் தெரியும்னு பாத்துட்டீங்களே. மாத்திரைய நிறுத்தாதீங்க, அது போதும்."

உடனே பஸ் கிடைக்கவில்லை. கம்பெனி கேட்டில் உட்கார்ந்து வண்டிகள் வந்துபோகும் நேரத்தை எழுதிவந்தார். மாற்று டிரைவர் அவருடைய ஹாரனை அநியாயத்துக்கு அடிப்பதைக் கேட்டுப் பல்லைக் கடித்தார். கண் தெளிந்தது. தினமும் மாத்திரை போட்டதில், மறைக்க ஒன்றும் இல்லாத ஒரு நாளில், கம்பெனி டாக்டர் தானாகவே சீல் வைத்தார். சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தபடி சாவியைத் தந்தார். முதல் நாள் பஸ்ஸில் ஏறிய பெண்கள், "வந்துட்டியா நைனா, அந்த ஆளு ஹாரன்ல ஒரு நிமிஷம் கண்ணு மூட முடியல" என்றார்கள். மேம்பாலம் ஏறுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியது அவருக்கு விருந்து சாப்பிட்டது போல இருந்தது.

புதுவாயல் டீக்கடையில் டிரைவர்கள் கூடும் இடத்தில் அவரே பேச்சை எடுத்தார். டேங்க், மோட்டார், குழாய் என்று சொன்னார். "இன்னாணா, டாக்டருக்குப் படிக்கப் போறியா?" என்று ஒருவன் கேட்டான். எபினேசர் அவன் தலையில் தட்டினான். "அவுரு வாய் கோணினத நான் பாத்தேன். கேளுடா." கேட்டார்கள். ஒருவன் தன் பையிலிருந்த மாத்திரையை எடுத்து எறிந்தான். இன்னொருவன் எறிந்தானா என்று தெரியாது.

வீரராகவன்தான் பாக்கி. அவன் பஸ்ஸை விட்டுவிட்டு சோழவரம் பக்கம் லாரி ஓட்டப் போனவன். பழைய நம்பரில் வேறு யாரோ எடுத்து, "ராங் நம்பர்" என்றார்கள். அவனுக்கும் பிரஷர் உண்டு, இவரைவிட அதிகம். ஒரு தை மாதத்தில், பஸ் நிழலில் நின்று, எங்கே குத்த வேண்டும், எப்படிப் பிழிய வேண்டும் என்று அவன் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தவர் சின்னராசு. "நல்லா இருணா" என்று அவன் அன்றைக்குச் சொன்னான்.

விடுமுறை நாளில் இரண்டு முறை சோழவரம் போய் லாரி ஷெட்டுகளில் விசாரித்தார். ஒரு ஷெட்டில் அப்படி ஒருவன் இருந்தான், ஆந்திரா லோடுக்குப் போனான், அதற்குப் பிறகு வரவில்லை என்றார்கள். இப்போது நெடுஞ்சாலையில் எதிரே வரும் ஒவ்வொரு லாரியின் கண்ணாடிக்குள்ளும் அவர் பார்க்கிறார். இன்னும் அவனைக் காணவில்லை. இன்னும் அவனிடம் சொல்லவில்லை.