இல்லாத எழுத்துருவும் கதவு மச்சானும்

என் மனைவிக்கு அச்சகத்தில் வைத்த பெயர் மில்லிமீட்டர். வைத்தவன் நான்தான், மறைப்பானேன்? பக்க வடிவமைப்பு அவள் வேலை, அச்சு இயந்திரம் என் வேலை. அவள் தாளில் ஒரு கோடு நகர்ந்திருந்தால் நான் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். வீட்டிலும் அதே கதைதான். சுவரில் நாள்காட்டி சாய்ந்திருந்தால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போவாள். "ஆறிப்போகுதுடீ" என்றால், "இருங்க, கண்ணு உறுத்துது" என்பாள். இப்படிப்பட்டவளுக்கு ஒரு அண்ணன்.

மச்சான் பகலில் காப்பீட்டு முகவர், மாலையில் நாடக நடிகர். குழுவில் சேர்ந்த காலம் தொட்டு அவருக்குக் கிடைத்தது வேலைக்காரன் வேஷம்தான். வருவார், கதவைத் திறப்பார், "வந்திருக்காங்கய்யா" என்பார், போவார். அதனால் அவர் எங்களுக்குக் கதவு மச்சான். இந்த வருடம் என்ன அதிசயமோ, தந்தை வேஷம், கதையின் நாயகனே அவர்தான் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். ஒத்திகையில் இன்னொரு தடவை வசனம் மறந்தால் வேஷம் குழுவில் இருந்த நெட்டைக்காரன் ஒருவனுக்குப் போய்விடும்.

மச்சான் வசனத்தைக் காதால் மனப்பாடம் செய்வதில்லை, கண்ணால் செய்வார். எந்தப் பக்கத்தில், எந்த மூலையில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பதை அப்படியே மனதில் ஒட்டிக்கொள்வார். மேடையில் பேசும்போது உள்ளுக்குள் அந்தப் புத்தகத்தைத்தான் படித்துக்கொண்டிருப்பார். பாதி நாடகம் ஏறியிருந்தது, மீதி ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து இயக்குநர் கடைசிக் காட்சியை மாற்றி, பழைய பிரதிகளையெல்லாம் திருப்பிக் கேட்டார். எல்லாருக்கும் புதுப் பிரதி, எங்கள் அச்சகத்தில்.

பழைய பிரதியின் கோப்பு மின்னஞ்சலில் வந்தது, மாறிய காட்சி மட்டும் தனியாக. தட்டச்சு செய்து பக்கம் கட்டியவன் குழுவின் தபேலாக்காரரின் அக்கா மகன். என் மனைவி அதைத் திறந்ததும் திரையில் ஒரு பெட்டி முளைத்தது: இந்தக் கோப்பில் உள்ள எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை.

"பாப்பா, அதுல ஓகேன்னு ஒண்ணு இருக்கு பாரு. அமுக்கு" என்றார் மச்சான், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி.

"அண்ணா, சும்மா இருங்க. முதல்ல அந்தப் பையன்கிட்ட எழுத்துருவைக் கேக்கணும்."

அவள் வாசலுக்குப் போய் போன் போட்டாள். திரும்பி வருவதற்குள் அண்ணன் ஓகே அமுக்கிவிட்டார்.

"வந்துடுச்சே! இதுக்கா இத்தனை பயம்?" என்று சிரித்தார். எழுத்தெல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. யுனிகோடு என்பதால் வசனம் ஒன்றும் உடையவில்லை, உருவம் மட்டும்தான் மாறியிருந்தது. இல்லாத எழுத்துருவுக்குப் பதிலாகக் கணினி தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் போட்டிருந்தது. அது கொஞ்சம் அகலமானது. ஒவ்வொரு வரியும் நிரம்பி வழிந்து, மிச்சம் அடுத்த வரிக்கு, அடுத்த பக்கத்துக்கு என்று நகர்ந்துகொண்டே போயிருந்தது.

மச்சான் தன் பெரிய வசனத்தைத் தேடினார். பழைய பிரதியில் அது வலது பக்கத்தின் கடைசி வரியில், "யார் பூட்டியது என்று கேட்கிறாயா?" என்று நிற்கும். தாளைத் திருப்பினால் அடுத்த பக்கத்தின் மேலே, "நான்தான்." இப்போது இரண்டும் சேர்ந்து பக்கத்தின் நடுவில் போய் உட்கார்ந்திருந்தன. இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணை மூடி எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். "யார் பூட்டியது என்று கேட்கிறாயா?" என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மச்சான், சாவி கிடைக்கலையா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மாப்ள, அது மேல இருக்கணும். இப்ப நடுவுல இருக்கு. எனக்கு ரெண்டும் தெரியுது, ஒண்ணும் தெரியல" என்றார். முகம் வெளுத்துவிட்டது. நெட்டைக்காரனை நினைத்திருப்பார், பாவம். கேலி செய்த என் வாயை எனக்கே பிடிக்கவில்லை.

"அந்தப் பையனோட பழைய கம்ப்யூட்டர் செத்துப்போச்சாம். எழுத்துரு அதுலதான் இருந்துச்சாம்" என்றபடி உள்ளே வந்தவள், திரையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். கோப்பைச் சேமிக்காமல் மூடினாள். நகல் ஒன்று எடுத்துக்கொண்டாள். "உங்க பழைய புத்தகத்தைக் கொடுங்க."

"அதைத் திருப்பிக் கொடுக்கணுமே…"

"கொடுங்கண்ணா!"

காப்பிக் கறை படிந்த அந்தப் பிரதி வந்தது. அதிலிருந்த எழுத்தைப் போலவே வளைவும் சுழியும் உள்ள ஓர் எழுத்துருவை அவள் முதலில் போட்டுப் பார்த்தாள். பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தன. ஆனால் வரிகள் வேறு இடத்தில் உடைந்தன. "முகம் ஒத்துப்போய் என்ன பிரயோஜனம், அகலம் ஒத்துப்போகலையே" என்று முணுமுணுத்தாள். பிறகு மச்சானின் மிக நீளமான வசனத்தை மட்டும் தனியாக எடுத்து, கணினியில் இருந்த எழுத்துருக்களை ஒவ்வொன்றாக அதே அளவில் போட்டு, ஒவ்வொரு வரியும் எந்தச் சொல்லில் முடிகிறது என்று பழைய பிரதியோடு ஒப்பிட்டாள். ஒன்று மாட்டியது. அழகில்லாத எழுத்து, கொஞ்சம் முரட்டு 'ழ'. ஆனால் வரிகள் அந்தந்தச் சொல்லிலேயே முடிந்தன.

அப்படியும் பக்கம் நீண்டது. "இதென்னடி கொடுமை?" என்று நான் கத்தினேன்.

"வரிக்கு வரி இடைவெளியை அந்தப் பையன் தானியங்கியா விட்டிருக்கான். அதை எழுத்துருதான் முடிவு பண்ணும். எழுத்துரு மாறினா அதுவும் மாறும்." பழைய பிரதியில் அளவுகோலை வைத்து இடைவெளியை அளந்து, அதையே நிலையான அளவாகப் போட்டாள். பக்கங்கள் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தன. அடம்பிடித்த ஓரிரு வரிகளில் மட்டும் எழுத்துகளை மயிரிழை நெருக்கினாள். அதன் பிறகுதான் கடைசிக் காட்சியின் மாற்றத்தைச் சேர்த்து, எழுத்துருவை உள்ளேயே பதித்து, பிடிஎஃப் ஆக்கி எனக்கு அனுப்பினாள்.

"எழுத்து அசிங்கமா இருக்கே பாப்பா" என்றார் மச்சான்.

அவள் குறிப்பிட்ட பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். வலது பக்கம், கடைசி வரி. அவர் தாளைத் திருப்பினார். மேலே நின்றது 'நான்தான்'. மச்சான் அதன் மேல் விரலை வைத்து, தாளை மறுபடியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அசிங்கம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை.

நாடகத்தன்று அரங்கு நிறைந்திருந்தது. நாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தோம். அந்த இடம் வந்தது. மகனாக நடித்தவன் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினான். மச்சான் சொன்னார், "யார் பூட்டியது என்று கேட்கிறாயா?"

சொல்லிவிட்டு நிறுத்தினார். போச்சு, மனுஷன் மறந்துட்டார் என்றே நினைத்தேன். அவர் தலையை மெதுவாக வலது கீழ்ப்பக்கத்திலிருந்து இடது மேல்பக்கத்துக்குத் திருப்பினார். முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள்.

"நான்தான்."

கைதட்டல் காதைப் பிளந்தது. வெளியே வரும்போது எல்லாரும் அந்த மௌனத்தைப் பற்றியே பேசினார்கள். என்ன நடிப்பு, ஒரு தகப்பனோட வலியெல்லாம் அதுல தெரிஞ்சுதே என்றார்கள். நெட்டைக்காரனே வந்து மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

என் மனைவி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னடி?" என்றேன்.

"தாளைத் திருப்பினாருங்க" என்றாள்.