மல்லாட்டைக்குப் பேச வராது

சகாய பிரியாவுக்குச் சம்பளமே பேசுவதற்குத்தான். விழுப்புரத்தில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் வரவேற்பு வேலை. காலையில் திண்டிவனத்தில் ரயில் ஏறினால் சாயங்காலம் திரும்பும்வரை போனை எடுப்பாள், மைக்கைப் பிடித்துப் பெயர் கூப்பிடுவாள். "லட்சுமியம்மாள், கண்டாச்சிபுரம், ரெண்டாம் ரூமுக்கு வாங்க." காது மந்தமான கிழவிகூட முதல் அழைப்பிலேயே எழுந்துவிடும் கணீர்க் குரல். மாதா கோயில் பாட்டுக் குழுவில் சின்ன வயதிலிருந்தே பாடிப் பழகிய தொண்டை அது.

அந்தத் தொண்டையை வீட்டுக்கு வந்ததும் அவள் பூட்டிவிடுவாள். மாடிப்படியில் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, செல்போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவாள். நான்கு பேர் ஒரு அணி. தீவில் குதித்து, வீடு வீடாகத் துப்பாக்கி பொறுக்கி, கடைசியில் எந்த அணி உயிரோடு நிற்கிறதோ அது ஜெயித்தது. சும்மா சொல்லக்கூடாது, குறி பார்ப்பதில் கெட்டிக்காரி. மாமியார் வீட்டுக்குப் போகிற வயதில் இது என்ன கூத்து என்று அவள் அம்மா சூசை மேரி தினம் கேட்பாள். கேட்டுவிட்டு உலை வைக்கப் போய்விடுவாள். நாள் முழுக்க நோயாளிகளிடம் சிரித்துக்கொண்டிருப்பவளுக்கு யாரிடமும் சிரிக்க வேண்டாத ஒரு மணி நேரம் அது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

ஆரம்பத்தில் சொந்தப் பெயரைத்தான் வைத்திருந்தாள். பெயரில் பிரியா என்று இருந்ததுதான் தாமதம், ஈ மொய்த்தது. எந்த ஊரு, என்ன வயசு, கல்யாணம் ஆயிடுச்சா, மைக் போடு. முன்பின் தெரியாதவன் விளையாட்டு முடிந்த பிறகும் நட்பு அழைப்பு அனுப்பினான். தட்டிக் கழித்தால் கெட்ட வார்த்தை. சரி, பெயரை மாற்றுவோம் என்று மாற்றினாள். பெயர்தான் மாறியது, கணக்கின் எண் மாறவில்லை, நண்பர் பட்டியலும் அப்படியே இருந்தது. "பேரை மாத்திக்கினா தெரியாதா பிரியா?" என்று அதே ஆட்கள் மறுநாளே வந்து நின்றார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

பிறகு அடியோடு புதுக் கணக்கு தொடங்கினாள். சேர்த்த மெடல், படிப்படியாக ஏறிய தரவரிசை எல்லாம் போயிற்று. ஆண் பெயர் வைக்கலாம் என்றால் அதற்கேற்ப மச்சான், மாப்ளே என்று நடிக்க வேண்டும். ரோஸ்மில்க் என்று வைத்துப் பார்த்தாள், அதற்கும் "பொண்ணா?" என்று கேட்டார்கள். ஒருநாள் ரயிலில் ஒரு அம்மாள் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுக்கொண்டு போனாள். அது ஆணுமில்லை பெண்ணுமில்லை, சைவமா அசைவமா என்றுகூட யாரும் கேட்கப்போவதில்லை. வளவனூர் பக்கம் விளைந்தது, யார் வாயிலும் போகும். அன்றிலிருந்து அவள் மல்லாட்டை. படமில்லை, ஊரில்லை, பிறந்த வருஷமில்லை. திரையில் ஓடும் அவள் உருவத்துக்கு ஹெல்மெட்டும் தொளதொள சட்டையும் மாட்டிவிட்டாள். மைக்கை அணைத்து வைத்தாள். சொல்ல வேண்டியதை, "எதிரி இங்கே", "தோட்டா வேணும்" என்று விளையாட்டிலேயே இருக்கும் தயார் பொத்தான்களால் சொன்னாள்.

ஊரே திரும்பிப் படுத்ததுபோல ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில்தான் பூவரசனும் இனியவனும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரும் விழுப்புரத்துக்காரர்கள், ஒரே தெருவாம். பூவரசன்தான் தலைவன், நல்ல ஆட்டக்காரன். இனியவன் கல்லூரி மாணவன், அண்ணன் சொல்லைத் தட்டாதவன். மல்லாட்டையின் குறியைப் பார்த்து அவர்களே நட்பு அழைப்பு அனுப்பினார்கள். மூவரும் தினமும் சேர்ந்து ஆடினார்கள். நான்காவது இடத்துக்கு மட்டும் விளையாட்டே யாரையாவது இழுத்துவந்து போடும்.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே பூவரசன் கேட்டான். "இன்னாடா மல்லாட்டை, இத்தினி நாளா ஒரு வார்த்த பேசல. உனக்குப் பேச வராதா? வராதுன்னா ஒரு தபா குதி."

அவன் கேட்ட நேரம், பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து எவனோ அவளைச் சுட்டான். அவள் சுவரைத் தாண்டிக் குதித்தாள்.

"அய்யோ பாவம்டா" என்றான் இனியவன்.

குதித்தது குண்டுக்குப் பயந்து என்று எந்தப் பொத்தானை வைத்துச் சொல்வது? எழுத்தில் போட்டிருக்கலாம். போடவில்லை. அதுதான் அவள் செய்த பிழை. ஏனென்றால் அன்றிலிருந்து அவர்கள் அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்கள். நல்ல துப்பாக்கி கிடைத்தால் முதலில் மல்லாட்டைக்கு. புதிதாக வந்த எவனாவது மைக் போடச் சொல்லி அதட்டினால் பூவரசன் பாய்வான்: "தம்பிக்குப் பேச வராதுடா. பேஜாரு பண்ணாத." அதைக் கேட்கக் கேட்க அவளுக்குச் சுகமாகவும் இருந்தது, கூசியும் போனது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் வாயில்லாத பிள்ளையாகிப் பிழைத்துக்கொண்டிருந்தாள். பெயரில் பொய் வேண்டாம் என்று பார்த்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தாள். பொய் வேறு வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது.

போன வாரம் ஒரு சாயங்காலம் நான்காவது இடத்துக்குக் கவிதா என்ற பெயர் வந்து விழுந்தது. புதுசு. மைக்கை அணைக்கவே தெரியவில்லை. பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"ஏய், பொண்ணுடா!" என்றான் இனியவன்.

"எந்த ஊரும்மா?" பூவரசனின் குரல் குழைந்தது. இத்தனை நாள் பழகிய குரலில் அப்படி ஒரு குழைவு இருப்பதே சகாய பிரியாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"வளவனூர்ண்ணா" என்றது வெள்ளந்திப் பிள்ளை.

"அண்ணாவா? இன்னா இப்டி சொல்லிட்ட. ஸ்டேட்டஸ்லாம் போடுவியா? நம்பர் குடு."

அந்தப் பெண் பேச்சை மாற்றினாள், பிறகு பேசாமலே ஓடினாள். அப்படி ஓடியதில் எதிரியிடம் மாட்டி அடிபட்டு விழுந்தாள். விழுந்தவர் ஊர்ந்துகொண்டிருக்கலாம், உயிர்க்கோடு குறைந்து தீர்வதற்குள் அணியில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தூக்கிவிட வேண்டும். பூவரசன்தான் பக்கத்தில் நின்றிருந்தான்.

"மாமான்னு ஒரு தபா சொல்லு, தூக்கி உடுறேன்."

"அண்ணா, ப்ளீஸ்ண்ணா."

"மாமா."

இனியவன் சிரித்தான். மல்லாட்டை மலையடியிலிருந்து ஓடிவந்து கவிதாவின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"தூக்காதடா மல்லாட்டை. அவ சொல்லட்டும். இன்னாடா, நம்ம தம்பிதானே நீ? எட்ட வா." சொல்லிக்கொண்டே பூவரசன் மல்லாட்டையின்மேல் ஒரு புகைக் குண்டை எறிந்தான், விளையாட்டுக்கு. கவிதாவின் மைக்கில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

சகாய பிரியாவின் கட்டைவிரல் மைக் பொத்தானில் போய் நின்றது. போட்டால் எல்லாம் போகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அழுத்தினாள்.

"கவிதா, நான் தூக்குறேன், நகராத இரு. பூவரசன், இனியவன், ரெண்டு பேரும் வாய மூடுங்க. ஒரு பொண்ணு உழுந்து கெடக்குது, மாமான்னு கூப்புடணுமா உங்கள? வெக்கமா இல்ல?"

மாடிப்படி முழுக்க அதிர்ந்தது அந்தக் குரல். உள்ளேயிருந்து சூசை மேரி, "யாருகூடடி சண்ட போட்டுக்கினு கெடக்குற?" என்றாள். கவிதா எழுந்து நின்றுவிட்டாள். மற்ற இருவரும் அசையவில்லை.

"டேய்" என்றான் பூவரசன் மெதுவாக. "இந்தக் குரலு எனக்குத் தெரியும்டா. அம்மாவ ஸ்கேனுக்கு இட்டுக்கினு போனேன்ல, அங்க மைக்ல கூப்புடுற பொண்ணு."

நுணலும் தன் வாயால் கெடும். சகாய பிரியா ஆட்டத்தை விட்டு வெளியேறி, இருவரையும் பட்டியலிலிருந்து நீக்கித் தடுத்து வைத்தாள். கணக்கைத் தடுக்கலாம். ஸ்கேன் சென்டர் வாசலைத் தடுக்க எந்தப் பொத்தானும் இல்லை. போர்டிலேயே போன் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் மைக்கில் பெயர் கூப்பிடும்போதே குரல் கம்மியது. மேனேஜர் செல்வகுமார் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, தொண்ட சரியில்லயா? சத்தமா கூப்புடும்மா" என்றார். சத்தமாகக் கூப்பிட்டாள். கூட வந்திருந்த ஒவ்வொரு இளவட்டத்தையும் இவனா, அவனா என்று பார்த்தாள். முகம் தெரியாதே, குரல்தானே தெரியும்.

பதினோரு மணி வாக்கில் கவுண்டர் போன் அடித்தது.

"மல்லாட்டைங்களா?" பூவரசன்.

அவள் தெரியாததுபோலக் கேட்டாள். "ஸ்கேன் எடுக்கணுங்களா? டாக்டர் சீட்டு இருக்குதா?"

"வச்சிடாதீங்க. பேச வராத புள்ளன்னு உங்கள எப்படிப் பாத்துக்கினோம்? உங்களுக்காக எத்தினி பேரோட சண்ட போட்டேன்? ஏமாத்திட்டீங்களே." குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் அவளை என்னவோ செய்தது. மன்னிப்புக் கேட்க வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவன் தொடர்ந்தான். "சரி உடுங்க. உங்க குரலும் நல்லாத்தான் கீது. வாட்ஸ்அப் நம்பர் குடுங்க, தனியா பேசிக்கலாம்."

"ராங் நம்பருங்க" என்று வைத்தாள்.

செல்வகுமாரிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். சொன்னால் முதல் கேள்வி, பொம்பளப் புள்ளைக்கு அந்த ஆட்டம் எதுக்கு என்று வரும். வீட்டில் சொன்னால் போனைப் பிடுங்குவார்கள், வேலையையும் சேர்த்து. யாரிடம் சொன்னாலும் மூடப்போவது இவள் வாயைத்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விளையாட்டைத் திறந்தாள், கணக்கையே அழித்துவிடலாம் என்று. ஒரு நட்பு அழைப்பு காத்திருந்தது. கவிதா. ஏற்றுக்கொண்டதும் செய்திகள் வந்து விழுந்தன.

"அக்கா, நேத்து ரொம்ப தேங்க்ஸ்."

"நீங்க பொண்ணுன்னு யாருக்குமே தெரியலல்ல? சூப்பர் பேருக்கா. எனக்கும் அதே மாதிரி ஒண்ணு வெச்சு உடுங்க."

சகாய பிரியா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். வேண்டாம், உன் பெயரிலேயே இரு என்று எழுத ஆசைதான். எழுதினால் இன்றைக்குச் சாயங்காலமே வேறு எவனாவது மாமா கேட்பான். அவள் ஒவ்வொன்றாக எழுதினாள். பேரை மாத்தினா பத்தாது, புதுக் கணக்கு தொடங்கு. படம் வேணாம். ஊர் சொல்லாத. வயசு வேணாம். மைக்க ஆஃப் பண்ணி வை. பேரு கேப்பைன்னு வெச்சுக்க.

"கேப்பை!" என்று சிரிப்புப் பொம்மைகள் வந்தன. பிறகு இன்னொரு செய்தி வந்தது.

"எது வரைக்கும்க்கா பேசாம இருக்கணும்?"

அவள் பதில் எழுதத் தொடங்கினாள், அழித்தாள், மறுபடி தொடங்கினாள். கவுண்டரில் போன் அடித்தது. பூவரசனாக இருக்கலாம். நோயாளியாகவும் இருக்கலாம்.

"போன எடும்மா, யாரோ ரொம்ப நேரமா அடிக்கிறாங்க" என்று உள்ளேயிருந்து செல்வகுமார் கத்தினார்.

எடுத்தாள். "வணக்கம்ங்க" என்றாள்.