நாற்பது ரூபாய் டீக்கு வந்த செய்தி

அந்தக் கிரெடிட் கார்டை நான் வாங்கியது கேளம்பாக்கத்தில், ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில். குடைக்கு அடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண், "கேஷ்பேக் கார்டு சார், லாபம் சார்" என்றாள். லாபம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும். கல்பாக்கத்தில் முப்பது வருடமாக அழுத்தமானிகளைச் சரிபார்க்கிறவன் நான். முள் காட்டுவதை அப்படியே நம்புகிற பழக்கம் கிடையாது.

அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். ஆண்டுக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு. பதினெட்டு சதவீத வரி சேர்த்தால் ஆயிரத்து எழுநூற்று எழுபது. செலவில் ஒன்றரை சதவீதம் திரும்ப வரும், பெட்ரோலுக்கு மட்டும் கிடையாது. ஆக, போட்ட காசை எடுக்கவே மாதம் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செலவழிக்க வேண்டும். அதற்கு மேல் போனால்தான் லாபம். பில்லை ஒவ்வொரு மாதமும் முழுசாகக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வட்டி வந்து எல்லாவற்றையும் முழுங்கிவிடும்.

பக்கத்தில் பையோடு நின்ற என் மனைவி, "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட இவ்ளோ யோசிக்கல நீங்க" என்றாள். அந்த மேசைப் பெண் சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம். ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். ஒரே மகள் அந்த வருடம் படிக்கப் புனே போகிறாள். அவள் செலவும் சேர்ந்தால் மாதம் இருபதாயிரம் ஆகும். அதில் முந்நூறு திரும்ப வரும், வருடத்துக்கு மூவாயிரத்து அறுநூறு. கட்டணம் போகக் கையில் ஆயிரத்து எண்ணூற்று முப்பது நிற்கும். என் கார்டோடு சேர்த்து அவள் பெயரில் ஒரு துணை கார்டு. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

நான் கணக்கில் சேர்க்காத ஒன்று இருந்தது. அவள் எங்கே தேய்த்தாலும் செய்தி என் போனுக்கு வரும்.

அவள் போன பிறகு வீடு சகிக்கவில்லை. மேசையில் மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி அலமாரியில் வைப்பாள் என் மனைவி. நான் பார்க்காதது மாதிரி இருப்பேன். போனில் பேச எனக்கு வராது. "சாப்ட்டியா? சரி, வெச்சுடறேன்." அவ்வளவுதான். ஆனால் அந்தச் செய்திகள் வந்தன. கேண்டீன், அறுபது ரூபாய். ஜெராக்ஸ் கடை. சலவைக் கடை. ஷிப்டு நடுவே வெளியே வந்து போனைப் பார்ப்பேன். சரி, மதியம் சாப்பிட்டுவிட்டாள். ஒரு தடவை மருந்துக் கடை என்று வந்தது. உடனே கூப்பிட்டு, "காய்ச்சலா?" என்றேன்.

"ஐயோ அப்பா! நீ என்ன சிசிடிவியா? ஷாம்பூ வாங்கினேன்."

திட்டினாள். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு குளிர்ந்திருந்தது.

படிப்பு முடிந்து அங்கேயே வேலை கிடைத்தது. அவள் சம்பளம், அவள் கார்டு. செய்திகள் நின்றுபோயின. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் ஒன்று வரும். ஒரு டீக்கடை, நாற்பது ரூபாய். எந்தக் கார்டு என்று பார்க்காமல் பர்சிலிருந்து எடுத்து நீட்டுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பொறுப்பில்லாத கழுதை.

இந்த வருடக் கட்டணம் அடுத்த மாதம் பிடிக்கப்படும் என்று அறிவிப்பு வந்தபோது மறுபடியும் உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் கார்டில் என்ன செலவு? மளிகை, மருந்து, கரண்ட் பில். மீன்கார அம்மாவிடம் ஒரு நாள் விளையாட்டுக்குக் கார்டை நீட்டியபோது, "அதெல்லாம் நம்மகிட்ட ஏது சார்? காசு குடு, இல்லாங்காட்டி போன்ல போடு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எல்லாம் சேர்த்து மாதம் நாலாயிரம். திரும்ப வருவது அறுபது ரூபாய், வருடத்துக்கு எழுநூற்று இருபது. கட்டுவது ஆயிரத்து எழுநூற்று எழுபது. நஷ்டம் ஆயிரத்து ஐம்பது.

"இருந்துட்டுப் போகட்டுமே. அந்த ஆயிரத்துலதான் நாம அரண்மனை கட்டப் போறோமா?" என்றாள் மனைவி.

"நஷ்டம்னு தெரிஞ்சே யாராவது வெச்சிருப்பாங்களா?" என்று கத்தினேன்.

வங்கிக்குப் போன் செய்தேன். எடுத்த பையன் மரியாதையாகப் பேசினான். "உங்களுக்காக இந்த வருஷம் பாதி கட்டணம் போதும் சார்." பாதி என்றால் வரியோடு எண்ணூற்று எண்பத்தைந்து. அப்போதும் நூற்று அறுபத்தைந்து ரூபாய் நஷ்டம். முடியாது என்றேன்.

"துணை கார்டும் சேர்ந்தே நின்னுடும் சார், பரவாயில்லையா?"

"அவ சம்பாதிக்கிறா தம்பி. அவளுக்கு எதுக்கு?"

சேர்ந்திருந்த கேஷ்பேக்கைக் கடைசி பில்லில் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினேன். கார்டை மூடிவிட்டதாக உறுதி வந்ததும் கத்தரிக்கோலால் நாலு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் மாமல்லபுரம் போனோம். மாதம் ஒரு தடவை கடற்கரையில் உட்கார்ந்து, வருகிற போகிற கூட்டத்தை வேடிக்கை பார்ப்பது என் மனைவிக்குப் பிடிக்கும். யாரோ ஒரு அப்பா சின்னப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைக்குள் இறங்கினார். அது பயத்தில் அலறியது, இறக்கிவிட்டால் மறுபடி தூக்கச் சொல்லி அழுதது. என் கை தானாகப் பையிலிருந்த போனை எடுத்தது. மணி ஆறைத் தாண்டியிருந்தது. செய்தி இல்லை. வராது என்று எனக்குத் தெரியாதா? மூடியதே நான்தானே. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் போன் அடித்தது. மகள்.

"அப்பா, கார்டு போகலை. என்னாச்சு? உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

குரலில் பதற்றம். நான் சிரித்துக்கொண்டே கணக்கை எடுத்துச் சொன்னேன். பாதிக் கட்டணத்துக்குக்கூட நான் மசியாததைப் பெருமையாகவே சொன்னேன்.

"உங்கிட்ட சம்பள கார்டு இருக்குல்ல? அதைத் தேய்க்க வேண்டியதுதானே?" என்றேன்.

"எல்லாத்துக்கும் அதைத்தான்பா தேய்க்கிறேன். இந்த டீக்கு மட்டும்தான் உன் கார்டு."

"ஏன்?"

"உனக்கு மெசேஜ் வரும்ல. நான் நல்லா இருக்கேன்னு நீ பார்த்துப்பியேன்னு" என்றாள். "போன் பண்ணினா நீதான் உடனே வெச்சுடறியே."

என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, என்ன?" என்று முழங்கையைப் பிடித்தாள். நூற்று அறுபத்தைந்து ரூபாய். பாவி, நூற்று அறுபத்தைந்து ரூபாய்க்கு வாரம் தவறாமல் வந்த என் மகளை வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

"டீ குடிச்சியா?" என்றேன்.

"இன்னும் இல்லை. பின்னாடி கியூ நிக்குது. சரிப்பா, வெச்சுடறேன்."

"வைக்காதே" என்றேன். "வாங்கிக் குடி. நான் லைன்லயே இருக்கேன்."

கடைச் சத்தம் கேட்டது. யாரோ இந்தியில் என்னவோ கேட்டார்கள், அவள் என்னவோ பதில் சொன்னாள். காசு கொடுத்துவிட்டாள் போல. என் போனுக்கு எதுவும் வரவில்லை. அவள் ஊதிக் குடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சூடு ஆகாது.

"ஆற வெச்சுக் குடிம்மா" என்றேன்.