நான்கு ஆண்டுகளுக்கு ஒரு வரி

மெங்ளெம்பு தொழிற்பேட்டையின் முனையிலேயே சதாசிவம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டார். மகள் புஷ்பலதா நேர்முகத்துக்குப் போகவேண்டிய மருத்துவப் பொருள் நிறுவனம் இன்னும் முந்நூறு அடி தள்ளி இருந்தது. நிழல் என்று சொல்ல ஒரு செடிகூட இல்லாத இடம். பத்து மணி வெயில் தலையைப் பிளந்தது.

"அப்பா, அங்க கேட்டுக்குப் பக்கத்துல கூரை இருக்கு பாருங்க. அங்க வந்து நில்லுங்க."

"வேணாம். நீ நடந்து போ."

"ஏன்ப்பா? கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகாவும் உங்களை மாதிரிதானே. பேச்சுத் துணைக்கு ஆச்சு."

சதாசிவம் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "நாலு வருஷமா படுத்த படுக்கையா கிடக்கிற ஆளு மோட்டார் ஓட்டிக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்லா? ஆபீஸ் ஜன்னல் வழியா யாராச்சும் பார்த்துட்டா?"

புஷ்பலதா சட்டென்று திரும்பினாள். "யாருப்பா சொன்னது?"

"நேத்து உன் வேலை விண்ணப்ப நகலை எடுக்கப் போனேன்ல? நகல் கடை கனகராஜ் கேட்டான். 'அண்ணே, உடம்பு இப்ப தேவலையா? இவ்வளவு நாள் சொல்லவே இல்லியே'ன்னான்." அவர் சிரிக்கத்தான் பார்த்தார். வாய் கோணிக்கொண்டது. "பரவால்லம்மா. உனக்கு வேலை கிடைக்கும்னா நான் படுத்துக்கிறேன். போ, நேரமாச்சு."

அவள் நடந்தாள். அந்த முந்நூறு அடி தூரத்துக்குள் நான்கு ஆண்டுகளும் அவள் கூடவே நடந்து வந்தன.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தை மூடியபோது பால்வெட்டுக் கத்தியை வைத்துவிட்டு ஈப்போவுக்கு வந்து ஜாகா ஆனவர் சதாசிவம். அவருடைய குடும்பத்தில் முதல் பட்டம் புஷ்பலதா வாங்கியது, தஞ்சோங் மாலிமில், நிர்வாகவியலில். அரசாங்கத்தின் நிர்வாக அதிகாரி ஆவது அவள் கனவு. மலேசியப் பொதுச் சேவை ஆணையத்தில் பதிந்தாள். அந்தப் பதிவு ஓராண்டுக்குத்தான் செல்லும். ஒவ்வொரு முறை அது முடியும்போதும் மறக்காமல் புதுப்பித்தாள். கணினித் தேர்வில் தேறினால் மதிப்பீட்டு மையம். அங்கே ஓட வேண்டும், குழுவில் வாதாட வேண்டும், மேடையில் பேச வேண்டும். அதையும் தாண்டினால்தான் ஆணையத்தின் நேர்முகம். மூன்று முறை எழுதினாள். இரண்டு முறை மையம் வரை போனாள். ஒரு முறை நேர்முகம் வரைக்கும் போய், அங்கே தோற்றுத் திரும்பினாள். எங்கே விழுந்தாலும் மறுபடி முதல் படியிலிருந்துதான் ஏற வேண்டும்.

பிறகு தனியார் நிறுவனங்களைத் தேடிப் போனபோது எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. இந்த நாலு வருஷம் என்ன செஞ்சீங்க? உண்மையைச் சொன்னாள். ஒரு மேலாளர் சிரித்தே விட்டார். "அப்ப நாங்க உங்களுக்கு பஸ் ஸ்டாப்பா? பஸ் வந்ததும் ஏறிப் போயிடுவீங்க."

கல்லூரித் தோழி திவ்யதர்ஷினிதான் வழி சொன்னாள். "வீட்ல யாருக்காச்சும் சீக்குன்னு போடுடி. அதுக்கு மேல எவனும் கேக்க மாட்டான்." தந்தை படுக்கையில், நான்கு ஆண்டுகள் பராமரித்தேன் என்று விண்ணப்பத்தில் ஒரே வரி. எழுதும்போது கை கூசியது. எழுதிவிட்டாள்.

உள்ளே உரிமையாளர் மெய்யப்பன் அவளுக்காகக் காத்திருந்தார். அறுபது வயதிருக்கும். திருநீறு பூசிய நெற்றி. அரசு மருத்துவமனைகளுக்குக் கட்டிலும் கையுறையும் கொடுக்கிற வியாபாரம். டெண்டர் பத்திரங்களைப் பார்த்துக்கொள்ள அவருக்கு ஆள் வேண்டும். தாளைப் புரட்டியவர் பரிவோடு கேட்டார்: "அப்பாவுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?"

ஒரு பெருமூச்சு விட்டால் போதும். வேலை கைக்கு வந்துவிடும் போலிருந்தது. புஷ்பலதா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா நல்லாத்தான் இருக்காரு சார். நீங்க பார்த்துடக் கூடாதுன்னு ரோட்டு முனையில வெயில்ல நிக்கிறாரு. அந்த வரி பொய்."

மெய்யப்பன் தாளை மேசையில் வைத்தார். அவர் முகத்திலிருந்த பரிவு போய்விட்டது.

"நான் எடுக்கிற ஒவ்வொரு டெண்டர்லயும், குடுத்த தகவல் எல்லாம் உண்மைன்னு கையெழுத்துப் போடுறேன். ஒண்ணு பொய்னு தெரிஞ்சா கம்பெனியைக் கருப்புப் பட்டியல்ல போட்டுடுவாங்க. இருபது பேர் வீட்ல உலை கொதிக்காது. உன்னை எப்படி அந்த மேசையில உக்கார வைக்கிறது, சொல்லு?"

"வைக்க வேணாம்னா போயிடறேன் சார். பெத்தவரைப் படுக்கையில போட்டு வர்ற சோறு எனக்கு இறங்காது." கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

அவர் போகச் சொல்லவில்லை. "நாலு வருஷம் நிஜமா என்ன செஞ்சே?"

சொன்னாள். இந்த முறை எதையும் விடவில்லை. படித்தது, எழுதியது, எந்தப் படியில் தவறியது, சனி ஞாயிறுகளில் லிட்டில் இந்தியா சேலைக் கடையில் காசாளராக நின்றது, எல்லாவற்றையும் சொன்னாள்.

"நேர்முகம் வரைக்கும் போயிருக்கே. அதை ஏன் எழுதல?"

"தோத்ததைப் போய் எப்படி சார் எழுதுறது?"

"கடையில நின்னதையும் எழுதல. என்னவோ நாலு வருஷமும் தூங்கின மாதிரில்ல இருக்கு." அவர் முன்னால் சாய்ந்தார். "இப்ப இதுக்கு மட்டும் பதில் சொல்லு. நாளைக்கு ஆணையம் கூப்பிட்டா?"

"கூப்பிடாது சார். பதிவு மார்ச் மாசத்தோட முடிஞ்சது. நான் புதுப்பிக்கல. காத்திருப்புப் பட்டியல்லயும் என் பேரு இல்ல."

"மறந்துட்டியா?"

"இல்ல சார். மூணு தடவைதான்னு எனக்கு நானே கணக்கு வச்சிருந்தேன். மூணாவது முடிவு வந்த அன்னிக்கே நிறுத்திட்டேன்."

மெய்யப்பன் இழுப்பறையிலிருந்து மலாய் மொழியில் இருந்த ஒரு டெண்டர் பத்திரத்தையும் தம் நிறுவனத்தின் சான்றிதழ் கட்டையும் எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "என்ன குறைன்னு பாரு."

அவளுக்கு அந்த மொழிநடை பழகிய பாதை. நான்கு ஆண்டுகள் அரசாங்கச் சுற்றறிக்கைகளாகப் படித்துத் தள்ளியவள். பத்து நிமிடத்தில் விரல் ஓரிடத்தில் நின்றது.

"கம்பெனியோட நிதியமைச்சுப் பதிவு, டெண்டர் மூடுற தேதிக்கு எட்டு நாள் முன்னாடியே காலாவதியாகுது சார்."

"தெரியும். அது பழைய சான்றிதழ். புதுப்பிச்சாச்சு." அவர் முகத்தில் இன்னும் கடுமை இருந்தது. "ஆனா உனக்கு முன்னாடி வந்த ரெண்டு பட்டதாரியும் அதைக் கண்டுபிடிக்கல. திங்கக்கிழமை எட்டரைக்கு வா. ஆறு மாசம் தகுதிகாண். பொய் சொன்னவள்னு மனசுல வச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். அதை நீதான் அழிக்கணும்."

"நன்றி சார்."

"நில்லு. இந்தத் தாள் என் ஃபைலுக்குள்ள வரக்கூடாது. வெளிய உக்காந்து சரியா எழுதிக் குடுத்துட்டுப் போ."

வரவேற்பு மேசையில் பேனா கடன் வாங்கி, ஒரு வெள்ளைத் தாளில் புஷ்பலதா தன் வாழ்க்கையை முதலிலிருந்து எழுதினாள். பட்டம், ஆண்டு. பிறகு அடுத்த வரி. எழுத்து நேராகவே விழுந்தது.

'நான்கு ஆண்டுகள்: அரசு நிர்வாக அதிகாரி தேர்வுக்குப் படித்தேன். மூன்று முறை எழுதினேன். இரண்டு முறை மதிப்பீட்டு மையம், ஒரு முறை நேர்முகம். வார இறுதியில் சேலைக் கடைக் காசாளர். தேர்வாகவில்லை. இனி எழுதுவதில்லை என்று நானே முடிவு செய்தேன்.'

வரவேற்புப் பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, தேர்வாகலைன்னுகூடவா எழுதுவாங்க?"

"எழுதுவாங்க," என்று சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டாள் புஷ்பலதா.