இனிஷியல் இல்லாத நாலு வரி

எங்கள் கடையில் சேர்வதற்கு நான் சி.வி. கொடுக்க வேண்டும் என்று சித்தப்பா சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது பிடித்திருந்தது. கண்டி டவுனில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்தும் ஹார்ட்வெயார் மொத்த வியாபாரம் அது. முதலாளி மகள் என்று கதிரையில் போய் உட்கார்ந்தால் யார் மதிப்பார்கள்? கொழும்புக் கம்பெனி ஒன்றுக்காகக் குளியலறைக் குழாய் விற்றுக்கொண்டு, கண்டியைச் சுற்றியுள்ள கடைகளில் நான் ஏறி இறங்கியது சும்மாவா?

கடைக்கு ஒரு மனேஜர் இருந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். சி.வி.யைப் பார்த்து முடிவு சொல்லும் பொறுப்பு அவருக்கு. நான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அவர் மேலே மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"பிள்ளை, தலைப்புக்குக் கீழ சுருக்கம் ஒண்டு வேணும். முதல் நாலு வரியைத்தான் ஆக்கள் வாசிப்பினம். நீர் ஆர், என்ன செய்தனீர், இங்க என்ன செய்யப் போறீர், அவ்வளவும் போதும்."

"குடும்பத்தப் பத்தி ஒண்ணும் போடாம இருக்கலாமா சார்?"

"முதலாளியிட மகள் எண்டது இங்க எல்லாருக்கும் தெரியும். அதுக்கேன் ஒரு வரியை வீணாக்கிறீர்? 'கடின உழைப்பாளி', 'திறமைசாலி' எண்டும் எழுதாதையும். அதை ஆரும் எழுதலாம். நீர் செய்த ஒரு வேலையை எழுதும். நான் ஃபோன் எடுத்துக் கேட்டாலும் அது நிக்கோணும்."

அன்றிரவு எழுதினேன். குளியலறைப் பொருள் விற்பனையில் அனுபவமுள்ள விற்பனை அலுவலர். முன்பு தன் கம்பெனியின் சாமான் போகாத கலகெதர, அலவத்துகொட, தெல்தெனிய பகுதிகளில் தனியாகக் கடைகளைப் பிடித்து, திரும்பத் திரும்ப ஓடர் வரச் செய்தவர். கடைக்காரர்களின் குறைகளை நேரில் போய்க் கேட்டுத் தீர்த்தவர். அந்த அனுபவத்தைக் கொண்டு மொத்த வியாபாரம் ஒன்றின் விற்பனைப் பிரிவை நடத்த முன்வருகிறார். அவ்வளவுதான். மேலே பெயரை எழுதும்போது அப்பாவின் இனிஷியலையும் விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பிலிருந்து என் பெயருக்கு முன்னால் நின்ற எழுத்து அது. கொஞ்சம் திமிராகத்தான் இருந்தது. அந்தத் திமிர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். இரண்டாவது வரியில் கொஞ்சம் நின்றார்.

"நல்லாருக்கு. 'தனியா'ங்கறது வேணுமா?"

"அதுதானேப்பா முக்கியம்?"

"சரி, சரி. இருக்கட்டும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வயசான மனிதர், பெருமை தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு மடச்சி இருக்க முடியாது.

நேர்முகத் தேர்வு நடக்க இருந்த வாரத்தில், சரக்கைப் பழகிக்கொள்ளட்டும் என்று மனேஜர் என்னைக் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் எங்கள் ஸ்டோருக்கு அனுப்பினார். பெயின்ட், கம்பி, சீமெந்து எல்லாம் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். கடைசிச் சுவரோரம் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு குவியல் இருந்தது. மழை ஒழுகுகிறதா என்று பார்க்கத்தான் அதைத் தூக்கினேன்.

என் கம்பெனிப் பெட்டிகள். எங்கள் கடை அந்தக் கம்பெனிச் சாமானை வாங்கியதே இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் கறுப்பு மார்க்கரில் கடையின் பெயர் எழுதியிருந்தது. என் கையெழுத்து. லொறிக்காரர் மாற்றி இறக்கிவிடக் கூடாது என்று நானே குந்தியிருந்து எழுதியது. கலகெதர. அலவத்துகொட. மறுபடியும் கலகெதர. ஒட்டிய டேப் கூடப் பிரிக்கப்படவில்லை.

"இது என்ன?" என்று ஸ்டோர் பார்க்கும் அண்ணனிடம் கேட்டேன்.

"பெரிய முதலாளி எறக்கச் சொன்னதும்மா." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

வாசலுக்கு வந்து, நான் நானா என்று கூப்பிடும் அலவத்துகொட முஸ்லிம் கடைக்காரருக்கு ஃபோன் எடுத்தேன். என் முதல் பெரிய ஓடர் அவர் கொடுத்தது. போகும்போதெல்லாம் பிளேன்டீ தந்து, "மகள், ஒங்கட பேச்சுக்கே வாங்கலாம்" என்பார். அவருக்கு விற்ற பெட்டிகள் எங்கள் ஸ்டோருக்கு எப்படி வந்தன என்று சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"கோவிச்சிக்காதீங்க மகள். ஒங்கட வாப்பாதான் சென்ன, புள்ளக்கிட்ட எடுங்க, விக்காட்டி நான் எடுக்கிறேன் எண்டு. அவர்ட சாமான்லதானே எங்கட கட ஓடுது. மாட்டேன் எண்டு எப்பிடி செல்ற?"

"நானா, எல்லாக் கடைக்கும் அப்பா சொன்னாரா?"

"தெல்தெனிய பக்கம் அவர்ட யாவாரம் இல்ல. மத்தக் கடயெல்லாம் அப்பிடித்தான்."

வெயிலிலும் மழையிலும் பஸ் மாறி மாறிப் போனது, ஒரு கடையில் இல்லை என்றதும் அழாமல் அடுத்த கடைக்கு ஏறியது, ஓடர் கிடைத்ததும் முதல் ஃபோன் அப்பாவுக்கு எடுத்தது எல்லாம் நினைவுக்கு வந்தன. அந்த ஃபோன்தான் அதிகம் சுட்டது. அவர் ஒவ்வொரு முறையும் "அப்படியா!" என்று ஆச்சரியப்பட்டிருக்கிறார்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அப்பா மறுக்கவில்லை.

"நீ தோத்துட்டு வந்து நிக்கிறத என்னால பாக்க முடியாது."

"தோக்கவாவது விட்டிருக்கலாமேப்பா. அதாவது என்னோடதா இருந்திருக்கும்."

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? யாருக்கும் தெரியாது. அந்தப் பேப்பர அப்படியே குடு."

நேர்முகத் தேர்வு அன்று கடை மேல்மாடியில் அப்பா, சித்தப்பா, மனேஜர், நான். மனேஜர் நாலு வரியையும் சத்தமாக வாசித்தார். "இரண்டாவது வரி நல்லாயிருக்கு. கலகெதரவில ஆரைக் கேக்கலாம்?"

அப்பா முந்திக்கொண்டார். "கேக்க என்ன இருக்கு? அவளே பிடிச்ச கடைங்க. எனக்குத் தெரியும்."

இத்தனை நாள் மறைத்தது ஒரு பக்கம். என் முன்னாலேயே, என் பெயரில், இப்படிக் கூசாமல் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"கலகெதரவுக்கு ஃபோன் எடுக்க வேணாம் சார்," என்றேன். "இவரையே கேளுங்க. கடையப் பிடிச்சது இவர்தான். சாமான் நம்ம ஸ்டோர்ல இருக்கு."

மனேஜர் பேனையை மேசையில் வைத்தார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தப்பா மட்டும் சிரித்தார்.

"அட, அந்தப் பெட்டிங்களா? அது எனக்கு அப்பவே தெரியும். அதனால என்ன? யார் பிடிச்சா என்ன, நம்ம பிள்ளதானே. மனேஜர் கேப்பாரேன்னுதான் எழுதச் சொன்னேன். நாளைக்கே வந்து உக்காரு."

ஆக, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த நாலு வரிக்காக நான் கண்விழித்தது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. மனேஜர் தாளை என் பக்கம் தள்ளினார். இரண்டாவது வரியில் தெல்தெனியவை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டு ஊர்களையும் அடித்தேன்.

"உக்காருறேன்," என்றேன். "மொதல்ல அந்தப் பெட்டிங்கள வித்துட்டு."

விற்றேன். கண்டி மாவட்டத்தைத் தாண்டி, எங்கள் கடையின் பெயர் கேள்விப்படாத ஊர்களாகப் பார்த்துப் போனேன். நிறையப் பேர் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்களை எனக்குப் பிடித்தது. கடைசிப் பெட்டி போனதும் ஃபோனைக் கையில் எடுத்து அப்பாவின் நம்பர் வரைக்கும் போனேன், பழக்க தோஷம். பிறகு பையில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

இப்போது விற்பனைப் பிரிவு என் கையில்தான் இருக்கிறது. அப்பாவோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறேன், ஒரே வாகனத்தில் கடைக்குப் போகிறேன். காலையில் அவர் கேட்பார், "இன்னைக்கு எந்தப் பக்கம்மா?"

நான் போகும் ஊரை விட்டு வேறு ஊரின் பெயரைச் சொல்வேன்.